சர்வீஸ் செய்தும் போகாத ஏசி வாடை

கேள்வி: எங்கள் படுக்கையறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இருக்கிறது. அறை பத்துக்குப் பதினொன்று. ஏசியைப் போட்டதும் முதல் ஐந்து நிமிடம் மழைக்காலத்தில் காயாத துணி மாதிரி ஒரு வாடை அடிக்கிறது. அப்புறம் போய்விடும். அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு நடு இரவில் லேசாகத் திரும்ப வரும். போன மாதம்தான் சர்வீஸ் செய்தோம், பத்தே நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ரூம் ஸ்ப்ரே அடித்தும் பார்த்தேன். இப்போது வந்தவர் கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்ப வேண்டும் என்கிறார். ஆனால் குளிர்ச்சியில் குறையே இல்லை. ஆறு வயது மகன் அடிக்கடி தும்முகிறான். காலையில் பள்ளி அவசரத்தில் சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். இதை நானே சுத்தம் செய்யலாமா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: கேஸ் நிரப்ப வேண்டாம். கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது கசிந்தால்தான் குறையும். குறைந்தால் குளிர்ச்சி மங்கும், காயிலின் ஒரு பக்கத்தில் ஐஸ் கட்டும், அது உருகி உள்யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டும். குளிர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை வேறு ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்கிறேன்.

வாடை எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. உள்யூனிட்டுக்குள் அலுமினியத் தகடுகள் அடுக்கிய காயில் ஒன்று இருக்கிறது. ஏசி ஓடும்போது அது ஏறக்குறைய 10 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோலக் காயிலும் வியர்க்கும். ஒன்றரை டன் ஏசி புழுக்கமான இரவில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் விடும். அது காயிலில் வழிந்து, அடியில் உள்ள ட்ரேயில் விழுந்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியே போகிறது. இதுவரை எல்லாம் சரி. ஏசியை நிறுத்தியதும் எல்லாத் தண்ணீரும் போய்விடுவதில்லை. தகடுகளுக்கு நடுவே ஒரு டம்ளருக்குக் குறையாத தண்ணீர் படலமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ட்ரேயின் மூலைகளிலும் கொஞ்சம் தேங்கும்.

அந்த ஈரத்தோடு தூசி, தலைமுடித் துணுக்கு, தோல் செதில், சமையல் எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்? கொஞ்ச நாளில் வழவழவென்று ஒரு ஏடு படியும். வாடையை உண்டாக்குவது அந்த ஏடுதான். ஈரம் தகட்டிலிருந்து ஆவியாகிற நேரத்தில் வாடையும் அதோடு கிளம்பும். ஏசியைப் போட்ட முதல் சில நிமிடங்கள் காற்றாடி ஓடும், காயில் இன்னும் குளிர்ந்திருக்காது. பழைய ஈரம் காய ஆரம்பிக்கும், வாடை அடிக்கும். காயில் குளிர்ந்து புதுத் தண்ணீர் ஊறத் தொடங்கியதும் அது அமுங்கிவிடும். நடு இரவில் நடப்பதும் இதேதான். அறை குளிர்ந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், காயில் கொஞ்சம் சூடேறும், ஊறியிருந்த ஈரம் மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாகும். உங்கள் அறைக்கு ஒரு டன்னே போதும். ஒன்றரை டன் என்பதால் அறை சீக்கிரம் குளிர்ந்து, கம்ப்ரசர் பெரும்பாலான நேரம் மெதுவாகவே ஓடுகிறது. அதனால் உங்கள் வீட்டில் இது கூடுதலாகவே தெரியும்.

அப்படியானால் சர்வீஸ் செய்து பத்தே நாளில் எப்படித் திரும்பியது? இரண்டு காரணம் தோன்றுகிறது. முதலாவது, அவசரத்தில் செய்கிற சர்வீசில் ஃபில்டரைக் கழுவுவார்கள், காயிலின் முன்பக்கம் பம்பால் தண்ணீர் அடிப்பார்கள், மூடிவிட்டுப் போய்விடுவார்கள். காயிலுக்குப் பின்னால் உருளை மாதிரி நீளமாக ஒரு ப்ளோயர் இருக்கிறது. காற்றை அறைக்குள் தள்ளுவது அதுதான். அதன் சின்னச் சின்ன இதழ்களின் குழிவில்தான் அழுக்கு கறுப்புக் களிம்பாகப் படியும். முன்பக்கம் அடித்த தண்ணீர் அங்கே சரியாகப் போய்ச் சேராது. சேர்கிற கொஞ்சமும் உலர்ந்த களிம்பை ஊறவைத்துவிட்டு நின்றுவிடும். சர்வீஸ் முடிந்த மறுநாளே வாடை கூடியதாகச் சிலர் சொல்வது இதனால்தான்.

போன ஆடியில் நங்கநல்லூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தனியாக இருப்பவர். ஒரு வருஷத்தில் மூன்று சர்வீஸ், ஒரு தடவை கேஸ் வேறு நிரப்பியிருக்கிறார்கள். வாடை மட்டும் போகவில்லை. ஃபில்டர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது, காயிலின் முகமும் பளபளவென்று இருந்தது. மெயினை அணைத்துவிட்டு, காற்று வரும் வாயின் மடிப்புத் தகட்டைக் கையால் திறந்து, உள்ளே டார்ச் அடித்தேன். ப்ளோயர் இதழ்கள் கறுப்பாக இருந்தன. காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு இதழைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "இதே வாடைதான் தம்பி" என்றார். அன்று ப்ளோயரைக் கழற்றிக் கழுவியபோது முதல் இரண்டு வாளித் தண்ணீர் மை மாதிரி கறுப்பாகப் போனது. அதோடு முடியவில்லை. ட்ரேயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பைப் முனையில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. சுவருக்கு வெளியே பைப் ஒரு இடத்தில் மேலே ஏறி இறங்கியிருந்தது. அந்த வளைவில் வழுக்கலான பாசி அடைத்து, தண்ணீர் எப்போதும் ட்ரேயில் அரை விரல் அளவு நின்றுகொண்டே இருந்திருக்கிறது. பைப்பைச் சரிவாக மாற்றிய பிறகுதான் அந்த வீட்டில் வாடை நின்றது.

இதே பஞ்சுக் குச்சிச் சோதனையை நீங்களும் செய்யலாம். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, ஏசிக்கான எம்.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்சையே இறக்கிவிட்டு, ப்ளோயர் முழுதாக நின்ற பிறகு செய்யுங்கள். குச்சி கறுப்பாக வந்தால் ப்ளோயர்தான். சுத்தமாக வந்தால் ட்ரேயையும் பைப்பையும் பாருங்கள். ஏசி ஓடும்போது பைப் முனைக்குக் கீழே ஒரு வாளி வைத்துப் பாருங்கள். புழுக்கமான நாளில் முதல் ஒரு மணி நேரத்தில் வாளியில் ஒன்றும் சேரவில்லை என்றால் தண்ணீர் உள்ளேயே எங்கோ நிற்கிறது.

எல்லா வாடையும் ஈரத்தால் வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏசி ஓடாதபோதும் சாக்கடை நாற்றம் அடித்தால், ட்ரெயின் பைப்பைக் குளியலறைக் கழிவுக் குழாயில் நேராகச் சொருகியிருப்பார்கள். அதில் தண்ணீர் நிற்கும் யு வளைவு ஒன்று வைக்க வேண்டும், அல்லது முனையைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் பிணவாடை என்றால் உள்ளே பல்லி செத்திருக்கும். கருகிய வாடை வந்தால் சுத்தம் எதுவும் செய்ய வேண்டாம், எம்.சி.பி.யை இறக்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். நீங்கள் சொல்கிற ஈரத்துணி வாடை இவற்றில் எதுவும் இல்லை.

இனி, நீங்களே செய்யக்கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பையனை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பூஞ்சைத் தூசி கிளம்பும், அவனுக்கு ஏற்கெனவே தும்மல் இருக்கிறது. அதனால் வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகும்வரை அவன் அந்த அறைப்பக்கம் வர வேண்டாம். நீங்களும் என்-95 மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காயில் தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி, கையைக் கிழித்துவிடும். எம்.சி.பி. இறங்கியிருக்கட்டும். ஆடாத ஏணி வேண்டும். கட்டில் மேல் நாற்காலி போட்டு ஏறுகிற வேலை வேண்டாம்.

ஃபில்டர் வலைகளைக் கழற்றி, குழாயடியில் தண்ணீர் பின்பக்கத்திலிருந்து விழும்படி பிடித்தால் தூசி வந்த வழியே போய்விடும். பிசுக்கு இருந்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். கொதிநீர் வேண்டாம், வெயிலில் காயப்போடவும் வேண்டாம், பிளாஸ்டிக் சட்டம் நெளிந்துவிடும். நிழலில் உலர விடுங்கள். முழுக்க உலர்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட மாட்டிவிட்டு ஏசியைப் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஈரமான ஃபில்டரில் தூசி பசை போட்டதுபோல ஒட்டும், அதிலேயே பூஞ்சையும் பூக்கும்.

காயிலைத் தொடுவதற்கு முன் ட்ரெயின் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடைப்பு இருக்கும்போது மேலே தண்ணீர் தெளித்தால் அது சுவர் வழியாகவோ மின்சாரப் பகுதிக்குள்ளோ இறங்கும். மின்சாரப் பலகை பெரும்பாலும் யூனிட்டின் வலது ஓரத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பாலித்தீன் தாளால் நன்றாகச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம் மென்மையான பிரஷ்ஷால் காயிலை மேலிருந்து கீழாக மட்டும் தடவுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழி அடைந்துவிடும். உலர்ந்த தூசி வந்த பிறகு, உள்யூனிட் காயிலுக்கென்று விற்கிற, அமிலம் இல்லாத நுரை கிளீனரை அடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கிற நேரம் விடுங்கள். கழுவ வேண்டும் என்று எழுதியிருந்தால் கைத்தெளிப்பானில் சாதாத் தண்ணீர் எடுத்து மெதுவாகத் தெளியுங்கள், அரை லிட்டர் போதும். அது ட்ரேயில் விழுந்து பைப் வழியாக வெளியே வருகிறதா என்று ஒருவர் கீழே நின்று பார்க்கட்டும். கிளீனர் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில துளி பாத்திரச் சோப்புத் திரவம் போதும்.

எதை அடிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுதல் இதில்தான் அதிகம் நடக்கிறது. பிளீச்சிங் திரவம் காயிலின் அலுமினியத்தை அரிக்கும். அதே நாளில் யாராவது கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகர் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் தாமிரக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத, எறும்புப் புற்று மாதிரியான துளைகளைப் போடும் வகையைச் சேர்ந்தது. ஒரு தடவை தெளித்ததும் ஓட்டை விழுந்துவிடாது. ஆனால் மாதாமாதம் செய்தால், இன்றைக்குத் தேவைப்படாத கேஸ் பிறகு நிஜமாகவே தேவைப்படலாம். சானிடைசர், சென்ட், ஸ்பிரிட் கலந்த எதையும் உள்ளே அடிக்காதீர்கள். அவை தீப்பற்றும், உள்ளே மின்சாரப் பகுதிகள் இருக்கின்றன. இன்றைய ஏசிகளில் நிறையப் பயன்படுகிற ஆர்-32 கேஸே லேசாகத் தீப்பற்றும் தன்மை கொண்டது. ரூம் ஸ்ப்ரேயும் அப்படித்தான். அது வாடையை மறைக்கும், அதிலுள்ள பிசுக்கு காயிலில் படிந்து அடுத்த ஏட்டுக்கு அடித்தளம் போடும்.

ப்ளோயரை நீங்கள் கழற்ற வேண்டாம். அதற்கு ட்ரே, மோட்டார், சில மாடல்களில் காயிலின் பிடிப்பு வரை தளர்த்த வேண்டியிருக்கும். ஒரு இதழ் உடைந்தாலும் சமன் கெட்டு யூனிட் அதிரும். கேஸுக்கு என்று எடுத்து வைத்த பணம் இதற்குத்தான். மெக்கானிக்கைக் கூப்பிடும்போதே "ப்ளோயரையும் ட்ரேயையும் கழற்றிக் கழுவ வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். சாதா சர்வீஸ் கட்டணத்தில் அவர் அதைச் செய்ய மாட்டார், செய்ய நேரமும் இருக்காது. அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. சில மாடல்களில் கழற்றாமலேயே, யூனிட்டைச் சுற்றித் தண்ணீர்ப் பை கட்டி, ப்ளோயரைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே பம்பு அடிப்பார்கள். அதுவும் சரிதான். பையில் இறங்கும் தண்ணீர் கறுப்பு நின்று தெளிவாகும்வரை அடிக்க வேண்டும். முடிந்ததும் பஞ்சுக் குச்சியை நீங்களே இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். எதிரில் நின்று பார்த்தால் கோபித்துக்கொள்கிற மெக்கானிக்கை நான் அதிகம் நம்ப மாட்டேன்.

பத்தே நாளில் வாடை திரும்பியதற்கான இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். அது உங்கள் சுவர் சுவிட்ச். இரவு முழுக்க ஊறிய காயிலை அப்படியே இருட்டில் மூடிவைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். மறுபடி இரவுதான் அதற்குக் காற்றே கிடைக்கிறது. இந்த நிலையில் எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் சில வாரங்களில் ஏடு திரும்ப வந்துவிடும். உங்கள் இன்வெர்ட்டர் ஏசியில் ஆட்டோ கிளீன் அல்லது அதுபோன்ற பெயரில் ஒரு வசதி இருக்கக்கூடும். ரிமோட்டில் ஒருமுறை அதை இயக்கி வைத்தால், ஏசியை நிறுத்திய பிறகும் ப்ளோயர் தானாகக் கொஞ்ச நேரம் ஓடிக் காயிலை உலர்த்திவிட்டு நிற்கும். ஏசி அணைந்த பிறகும் உள்ளே ஏதோ ஓடுகிறதே என்று பயந்து பலர் சுவிட்சை அணைப்பார்கள். நீங்கள் அவசரத்தில் அணைக்கிறீர்கள். இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான். இனிமேல் ரிமோட்டில் மட்டும் நிறுத்துங்கள், ப்ளோயர் தானாக நின்ற பிறகு சுவிட்சை அணையுங்கள். அந்த வசதி இல்லையென்றால், எழுந்ததும் ரிமோட்டில் ஃபேன் மோடுக்கு மாற்றி, பையன் பல் தேய்த்து, குளித்து, சாப்பிடுகிற அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அறைக் கதவும் திறந்திருக்கட்டும், காயிலிலிருந்து கிளம்பும் ஈரம் வெளியே போக வேண்டும். முதல் சில நாள் அந்த நேரத்தில் வாடை கொஞ்சம் கூடுதலாகவே அடிக்கும், ஏனென்றால் ஆவியாவது அப்போதுதானே.

ட்ரை மோடு காயிலை உலர்த்தும் என்று நினைக்காதீர்கள். பெயரைப் பார்த்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது அறைக் காற்றை உலர்த்துகிற மோடு. காற்றிலுள்ள ஈரத்தைக் காயிலில்தான் இறக்கும். அதாவது காயில் இன்னும் நனையும். அணைப்பதற்கு முன் போட வேண்டியது ஃபேன் மோடுதான், ட்ரை மோடு அல்ல.

ப்ளோயர் கழுவியாகிவிட்டது, காலையில் உலர்த்தவும் பழகிவிட்டீர்கள், பைப்பும் ஓடுகிறது, ஆனாலும் நடு இரவில் லேசாக வருகிறது என்றால், ஏசி அறைக்குப் பெரியதாக இருப்பதுதான் மிச்சமிருக்கும் காரணம். அதற்காக ஏசியை மாற்ற வேண்டியதில்லை. அறை குளிர்ந்த பிறகு ஏசியின் காற்று வேகத்தைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். காயில் மேல் காற்று மெதுவாகப் போனால் அது இன்னும் குளிர்ச்சியாக இருக்கும், ஈரம் அறைக்குத் திரும்பாமல் பைப்புக்குப் போகும். காற்று போதவில்லை என்று தோன்றினால் மேலே இருக்கிற சீலிங் ஃபேனைச் சின்ன வேகத்தில் போடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ப்ளோயரை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடைக்கு ஏசி போட ஆரம்பிக்கும் முன் வருஷத்துக்கு ஒருமுறை கழுவினால் உங்கள் உபயோகத்துக்குப் போதும். பையனின் தும்மல் ஏசி சுத்தமான பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது இழுப்பு மாதிரி ஏதாவது கேட்டால் உடனேயே, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.